பழைய மசாலாப் பொடி: வீரியம் குறைந்ததா, விஷமாகிவிட்டதா?

சேத்தூர், தேவதானம், முகவூர் பகுதிக் கிராமங்களில் பங்குனி, சித்திரை வெயிலில் வத்தலும் மல்லியும் காய்ந்து மில்லுக்குப் போவது வழக்கம். ஒரு வருடத்துக்கான பொடியை மொத்தமாகத் திரித்து டப்பாக்களில் அடைத்து வைக்கிறோம். சில வருடம் மிச்சமாகிறது. கல்யாண வீட்டிலிருந்து வந்த பொடி, சொந்தக்காரர் கொடுத்தனுப்பிய பொடி என்று அலமாரியின் பின்வரிசையில் இரண்டு, மூன்று வருடப் பொடிகள் சேர்ந்துவிடுகின்றன. இவற்றைச் சாப்பிடலாமா, கூடாதா என்ற கேள்வி விவசாயக் குடும்பங்களில் அடிக்கடி எழுகிறது.

சுருக்கமான பதில் இதுதான். ஒருநாளும் ஈரம் படாமல் இருந்த பொடி மூன்று வருடம் ஆனாலும் விஷமாவதில்லை. மணமும் நிறமும் குறைந்திருக்கும், அவ்வளவே. ஒரே ஒரு முறை ஈரம் ஏறிய பொடி மூன்று மாதமே ஆனதாக இருந்தாலும் ஆபத்தாக இருக்கலாம். ஆகவே பார்க்க வேண்டியது டப்பாவின் வயதை அல்ல. அதற்குள் ஈரம் போயிருக்கிறதா, திரித்த வத்தல் எப்படிப்பட்டது என்ற இரண்டையும்தான் பார்க்க வேண்டும். இதில் இரண்டாவது விஷயம் வத்தல் விளைவிக்கும் நம் வீடுகளுக்கு மிக முக்கியம். அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

வயதானால் பொடியில் என்ன குறைகிறது?

மல்லி, சீரகம், மிளகு, ஏலம் ஆகியவற்றின் மணம் அவற்றில் உள்ள ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. முழு விதையாக இருக்கும்போது இந்த எண்ணெய் விதைக்குள் பூட்டி வைத்ததுபோல் இருக்கும். திரித்ததும் அந்தப் பூட்டு உடைந்துவிடுகிறது. மில்லில் அரைபடும்போது வரும் சூட்டிலேயே கொஞ்சம் மணம் போய்விடும். தெருவே மணக்கிறது என்று நாம் சொல்வது டப்பாவுக்குள் இருக்க வேண்டிய எண்ணெய்தான். மீதி டப்பாவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். நம் ஊர் வெக்கையில் மல்லிப்பொடி ஆறு மாதத்திலேயே நன்றாக மட்டுப்பட்டுவிடும். முழு மல்லியோ மூடி வைத்தால் இரண்டு வருடம் தாண்டியும் திரித்தால் மணக்கும்.

வத்தல் பொடியில் நடப்பது வேறு. அதன் சிவப்பு நிறம் வெளிச்சத்திலும் காற்றிலும் மங்கும். கண்ணாடிப் பாட்டிலில் ஜன்னல் ஓரம் வைத்த பொடி ஒரு வருடத்தில் செங்கல் நிறத்துக்கும், பிறகு பழுப்புக்கும் போய்விடும். ஆனால் காரத்தைத் தரும் கேப்சைசின் என்ற பொருள் எளிதில் ஆவியாவதில்லை. நிறம் போன பிறகும் காரம் பெரும்பாலும் நிற்கும். ஆகவே குழம்பு சிவக்கவில்லையே என்று பழைய வத்தல் பொடியை இரண்டு மடங்கு அள்ளிப் போட்டால் நிறம் வராது, காரம்தான் ஏறும். நிறத்துக்குக் கொஞ்சம் புதுப் பொடியையும், காரத்துக்குப் பழைய பொடியையும் சேர்த்துக் கொள்வது சரியான வழி.

மஞ்சளின் நிறம் தரும் குர்குமினும் வெளிச்சத்தில் சிதையும். இருட்டான டப்பாவில் இருந்த மஞ்சள்தூள் பல வருடம் நிறத்தோடு இருக்கும். ஆனால் அதன் மணம் முன்னதாகவே போய்விடும்.

வறுத்துத் திரித்த குழம்புப் பொடியைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதில் கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, சில வீடுகளில் எள், கொப்பரை, நிலக்கடலை சேர்க்கிறார்கள். வத்தலை எண்ணெய் விட்டு வறுப்பவர்களும் உண்டு. இந்த எண்ணெய்ச் சத்து காற்றுப்பட்டு நாளடைவில் காறிப்போகும். பழைய தேங்காயெண்ணெயில் வரும் சிக்கு வாடை அடிக்கும், நாக்கில் வைத்தால் தொண்டையில் பிடிக்கும். காறிய பொடி அஃப்ளடாக்சின் போல விஷமல்ல என்றாலும் சமையலுக்கு உதவாது. சிலருக்கு வயிற்றைப் புரட்டும். கொப்பரையோ எள்ளோ சேர்த்த பொடியை இரண்டு, மூன்று மாதத்தில் முடிக்கும் அளவுக்கு மட்டும் திரிப்பது நல்லது.

இதுவரை சொன்னவை எல்லாம் வீரியக் குறைவு. உடம்புக்குக் கேடு இல்லை.

ஈரம் பட்டால் என்ன ஆகிறது?

நன்றாகக் காய்ந்த வத்தலில் 100 கிலோவுக்கு 10 முதல் 11 கிலோ ஈரம் இருக்கும். 11 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது நம் நாட்டின் உணவுத் தர விதி. இந்த அளவில் பூஞ்சைக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. அதன் வித்துகள் பொடியில் இருக்கும், ஆனால் முளைக்காது. ஈரம் 14, 15 சதவீதத்தை நெருங்கும்போது பூஞ்சை விழிக்கத் தொடங்கும். அதற்கு மேலும் ஏறினால் வளர்ந்து பரவும்.

இந்த எல்லையைத் தாண்ட அதிகத் தண்ணீர் தேவையில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 சதவீத ஈரமுள்ள 100 கிராம் பொடியில் 10 கிராம் தண்ணீர் இருக்கிறது. கழுவிய கரண்டியைத் துடைக்காமல் விட்டு, அதன் வழியே ஒரு தேக்கரண்டி அதாவது 5 கிராம் தண்ணீர் உள்ளே போனால், 105 கிராம் பொடியில் 15 கிராம் தண்ணீர் ஆகிவிடும். இது 14 சதவீதத்துக்கு மேல். டப்பாவில் ஒரு கிலோ பொடி இருக்கலாம். ஆனால் தண்ணீர் முழுப் பொடிக்கும் சமமாகப் பரவாது. விழுந்த இடத்திலேயே கட்டியாக நிற்கும். பூஞ்சை அங்கேதான் தொடங்கும்.

ஈரம் வருவதற்கு ஈரக் கரண்டி மட்டும் காரணமல்ல. கொதிக்கும் குழம்புக்கு நேர் மேலே டப்பாவைச் சாய்த்துப் பொடி தட்டினால் ஆவி உள்ளே ஏறும். மில்லிலிருந்து வந்த பொடியைச் சூடு ஆறாமல் டப்பாவில் அடைத்தால், இரவில் மூடியின் உள்பக்கம் வியர்த்துச் சொட்டு விழும். குளிர்பதனப் பெட்டியில் இருந்து எடுத்த டப்பாவைச் சில்லென்று இருக்கும்போதே திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் பொடியில் படியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூடி சரியில்லாத டப்பா தானாகவே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மலையடிவாரக் கிராமங்களில் அந்த இரண்டு மாதமும் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு கசியும் காற்றில் திறந்து கிடக்கும் பொடியும் ஈரத்தை இழுக்கத்தான் செய்யும்.

அஃப்ளடாக்சின் என்னும் விஷம்

பொடியில் வளரும் பூஞ்சைகளில் ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பச்சை மஞ்சள் பூஞ்சைதான் கவலைக்குரியது. நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் வரும் அதே பூஞ்சை. இது வளரும்போது அஃப்ளடாக்சின் என்ற விஷத்தை விடுகிறது. இந்த விஷம் ஈரலைத் தாக்கும். நீண்ட நாள் உடம்பில் சேர்ந்தால் ஈரல் புற்றுநோய்க்கு வழி செய்யும்.

இதைப் பற்றி மூன்று விஷயங்களை மனதில் வைக்க வேண்டும். முதலாவது, இந்த விஷத்துக்கு நிறமோ மணமோ ருசியோ கிடையாது. பூஞ்சை தெரிந்தால் விஷம் இருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். பூஞ்சை தெரியாததால் விஷம் இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டாவது, ஈரம் காய்ந்து பூஞ்சை செத்துப்போனாலும் அது விட்ட விஷம் அப்படியே இருக்கும். மூன்றாவது, சமையல் சூட்டில் இது அழியாது. குழம்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும், பொடியை வாணலியில் வறுத்தாலும், வெயிலில் காய வைத்தாலும் விஷத்தை நம்பிக்கையாக நீக்க முடியாது. பூஞ்சை பிடித்த பொடியைச் சலித்து, கட்டியை எடுத்துவிட்டு, வெயிலில் போட்டு மறுபடியும் டப்பாவில் அடைப்பது பல வீடுகளில் உண்டு. இதனால் பொடி பார்க்கத்தான் நன்றாகிறது. விஷம் கட்டியைச் சுற்றியுள்ள பொடியிலும் கலந்தே இருக்கும்.

இந்த விஷம் எவ்வளவு கொடியது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சம்பவம் உண்டு. 1974-ல் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்ச்மஹால் பகுதிப் பழங்குடிக் கிராமங்களில், அறுவடை நேரத்து மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டவர்களுக்கு மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீர் கோப்பதும் வந்தன. நூறு பேருக்கு மேல் இறந்தனர். அதே சோளத்தைத் தின்ற நாய்களும் இறந்தன.

இதைப் படித்துவிட்டு மசாலா டப்பாவைக் கண்டு பயப்பட வேண்டாம். அங்கே அவர்கள் அந்தச் சோளத்தைத்தான் மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். பொடியை நாம் ஒரு நாளைக்குச் சில கிராம்தான் சேர்க்கிறோம். பூஞ்சை பட்ட பொடி ஒருநாள் குழம்பில் விழுந்துவிட்டால் யாருக்கும் உடனே ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் பொடி தினமும், மூன்று வேளையும், குழந்தைகள் உட்பட எல்லோர் தட்டிலும் விழுவது. வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதுதான் இதன் ஆபத்து. அதனால்தான் மசாலாப் பொருள்களில் அஃப்ளடாக்சின் ஒரு கிலோவுக்கு 30 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று நம் நாட்டில் வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒரு டன் வத்தலில் 30 மில்லிகிராம், அதாவது ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. ஐரோப்பிய நாடுகளில் வத்தலுக்கு இந்த வரம்பு 10 மைக்ரோகிராம்தான்.

முதல் தரம் சந்தைக்கு, சோடை வத்தல் வீட்டுக்கு

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பொடி டப்பாவுக்குள் போன பிறகுதான் விஷம் வரும் என்பதில்லை. பல நேரம் அது வத்தலிலேயே இருந்து, பொடியோடு சேர்ந்து டப்பாவுக்குள் வருகிறது.

ஆந்திராவில் 1998, 1999 ஆண்டுகளில் மார்க்கெட் யார்டுகளிலும் குளிர்பதனக் கிடங்குகளிலும் முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று பிரித்து வத்தல் மாதிரிகள் எடுத்து அஃப்ளடாக்சின் இருக்கிறதா என்று சோதித்தார்கள். மாதிரிகளில் பாதிக்கு மேல் ஏதாவது ஓர் அளவில் விஷம் இருந்தது. வரம்பு மீறியவை ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. வரம்பு மீறியவை அதிகம் இருந்தது மூன்றாம் தரத்தில். மிக அதிக அளவாகக் கிலோவுக்கு 969 மைக்ரோகிராம் இருந்த மாதிரியும் மூன்றாம் தரம்தான். அதாவது வரம்பைப்போல் 30 மடங்கு. குளிர்பதனக் கிடங்கில் இருந்த வத்தலில் பாதிப்பு மிகக் குறைவு.

இந்த ஆய்வு நமக்குச் சொல்வது என்ன? வத்தல் பயிரிடும் வீடுகளில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நல்ல சிவப்பு வத்தலைத் தரம் பிரித்து விருதுநகருக்கோ சாத்தூருக்கோ விற்பனைக்கு அனுப்புகிறோம். மழையில் நனைந்து வெளுத்தது, காம்புப் பக்கம் கறுத்தது, பழம் அழுகி நுனி சுருங்கியது, உடைந்து விதை சிந்தியது எல்லாம் விலை போகாது. "வீட்டுக்குத்தானே, திரித்துவிட்டால் தெரியவா போகிறது" என்று அவற்றை மில்லுக்குக் கொண்டுபோகிறோம். திரித்த பிறகு உண்மையிலேயே தெரியாது. நல்ல வத்தல் கொஞ்சம் கலந்தால் நிறமும் வந்துவிடும். ஆனால் பூஞ்சை புகுந்த வத்தல்கள் மொத்தப் பொடியிலும் பரவிவிட்டன. விற்கும் வத்தலில் நாம் காட்டும் கவனத்தை வீட்டுப் பானையில் காட்டவில்லை என்பதுதான் இதன் பொருள்.

ஆகவே சோடை வத்தலை இரண்டாகப் பிரியுங்கள். நன்றாகக் காய்ந்து, வெயிலில் நிறம் மட்டும் மங்கி, உடைத்துப் பார்த்தால் உள்ளே சுத்தமாக இருப்பதைத் திரிக்கலாம். வெள்ளையாகப் படர்ந்தது, உள்ளே விதையின்மேல் சாம்பல், பச்சை, கறுப்புப் படலம் உள்ளது, மக்கல் வாடை அடிப்பது ஆகியவற்றைத் திரிக்கக்கூடாது. சந்தேகம் வந்தால் ஒரு பத்து வத்தலைக் கீறி உள்பக்கம் பாருங்கள். வெளியே சிவப்பாக இருந்து உள்ளே பூஞ்சை படர்ந்த வத்தல் நிறைய உண்டு. பழ அழுகல் நோய் தாக்கிய செடியின் காயில் இது அதிகம். கடையில் வத்தலாக வாங்குபவர்களும் இப்படிக் கீறிப் பார்த்து வாங்கலாம்.

பழைய டப்பாக்களை எப்படிப் பிரிப்பது?

ஒரு வீட்டு அலமாரியில் நான்கு டப்பா இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதல் டப்பா, மூன்று வருட மல்லிப்பொடி. எவர்சில்வர் டப்பா, மூடி இறுக்கம். பொடி உதிரியாக ஓடுகிறது. உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துத் தேய்த்து முகர்ந்தால் லேசாக வைக்கோல் வாடை, மல்லி மணம் இல்லை. இது வீரியம் இழந்த பொடி, கெட்ட பொடி அல்ல. குழம்பு கெட்டிப்படப் பயன்படுத்தலாம். மணத்துக்கு நம்பக்கூடாது. அளவைக் கூட்டினால் குழம்பு மண்டியாகி, துவர்ப்புத் தட்டும். அதைவிட, இறக்கும்போது அரை கரண்டி முழு மல்லியை வறுத்து இடித்துப் போட்டால் மணம் வந்துவிடும்.

இரண்டாவது, இரண்டு வருட வத்தல் பொடி. பிளாஸ்டிக் டப்பா. மேலே நன்றாக இருக்கிறது, அடியில் கட்டி. கட்டி என்றாலே பூஞ்சை என்று முடிவு கட்ட வேண்டாம். நெடுநாள் அழுந்திக் கிடந்தாலும் எண்ணெய்ப் பசையாலும் பொடி கட்டியாகும். கட்டியை எடுத்து விரலால் நசுக்குங்கள். உடனே பொடியாக உதிர்ந்து, உள்ளேயும் வெளியேயும் ஒரே நிறமாக, கார நெடியோடு இருந்தால் பயன்படுத்தலாம். நசுக்கும்போது மெழுகுபோல் அழுந்தினாலோ, உடைத்தால் உள்ளே கறுத்தோ வெளுத்தோ இருந்தாலோ, நூல்போல் இழை தெரிந்தாலோ, மழையில் நனைந்த சாக்கு வாடை அடித்தாலோ ஈரம் ஏறியது உறுதி. முழு டப்பாவையும் கொட்ட வேண்டும். மேலே இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளக்கூடாது. ருசி பார்த்துச் சோதிக்கவும் வேண்டாம்.

மூன்றாவது, கொப்பரை சேர்த்துத் திரித்த ஒரு வருடக் குழம்புப் பொடி. ஈரம் இல்லை, ஆனால் சிக்கு வாடை. காறிவிட்டது. கொட்டிவிடலாம். வறுத்தாலும் காறல் போகாது.

நான்காவது, மஞ்சள்தூள். எப்போது வாங்கியது என்று யாருக்கும் நினைவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் கொஞ்சம் பரப்பிப் பத்து நிமிடம் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், செம்பழுப்பு நிறத்தில் எள்ளைவிடச் சிறிய வண்டுகள் நகர்கின்றன. இவை சிகரெட் வண்டு, மருந்துக்கடை வண்டு எனப்படும் இரண்டு வகைகளில் ஒன்றாக இருக்கும். மஞ்சள், மல்லி, வத்தல் என்று காரமான பொருளையும் விடாமல் தின்னும் பூச்சிகள். நம் ஊர் வெயிலுக்கு முட்டையிலிருந்து வண்டாக ஒன்றரை முதல் இரண்டு மாதம் ஆகும். ஆகவே ஒரு டப்பாவில் வண்டு இருந்தால் பக்கத்து டப்பாக்களையும் பார்க்க வேண்டும். வண்டு அஃப்ளடாக்சின் போல விஷமல்ல. ஆனால் அதன் எச்சமும் தோலும் புழுவும் பொடியில் கலந்திருக்கும், சலித்தாலும் பிரியாது. அவை விடும் மூச்சில் பொடியின் ஈரமும் கூடும். பொடியாக இருந்தால் கொட்டுங்கள். முழு மல்லி, முழு மஞ்சளில் இப்போதுதான் ஆரம்பம் என்றால் கடும் வெயிலில் இரண்டு நாள் காய வைத்து, புடைத்து, துளை விழுந்ததைப் பொறுக்கிவிட்டுப் பயன்படுத்தலாம்.

கொட்டும் பொடியை எங்கே கொட்டுவது என்பதையும் கவனிக்க வேண்டும். பூஞ்சை பிடித்த வத்தலையும் பொடியையும் கோழிக்கோ மாட்டுக்கோ போடக்கூடாது. கோழிக்குஞ்சுகளையும் வாத்துக்குஞ்சுகளையும் அஃப்ளடாக்சின் பாதிக்கும். கறவை மாடு தின்றால் விஷத்தின் ஒரு பகுதி பாலில் இறங்கும். குழி வெட்டிப் புதைப்பதே நல்லது. கொட்டும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் முழுவதும் காய்ந்த பிறகே புதுப் பொடி போட வேண்டும். அடியில் கொஞ்சம் பழைய பொடி இருக்க, மேலே புதியதைக் கொட்டும் பழக்கம் வண்டும் பூஞ்சையும் வருடா வருடம் தொடரக் காரணமாகிறது.

பச்சையாகத் தூவும்போது கவனம்

மாங்காய்க் கீற்றிலும் வெள்ளரிப் பிஞ்சிலும் வத்தல் பொடியும் உப்பும் தூவிச் சாப்பிடுவது ராஜபாளையம் பக்கம் எல்லோருக்கும் பழக்கம். இதற்குப் பழைய பொடியை எடுக்க வேண்டாம். களத்தில் காயும்போதோ டப்பா திறந்து கிடக்கும்போதோ பறவை, பல்லி, எலி எச்சம் படலாம். அதில் உள்ள சால்மோனெல்லா கிருமி காய்ந்த பொடியில் பெருகாது, ஆனால் மாதக்கணக்கில் சாகாமல் இருக்கும். கொதிக்கும் குழம்பில் போட்டால் செத்துவிடும். பச்சையாகத் தூவினால் அப்படியே வயிற்றுக்குள் போகும். ஆகவே வயதான பொடி எதுவானாலும் குழம்பு கொதிக்கும்போது போட்டு, பிறகும் ஐந்து, பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். பொடி போட்டு இறக்கிய குழம்பை வெக்கையில் இரவு முழுவதும் வெளியே வைக்கவும் கூடாது. கொதியில் சாகாத சில கிருமி வித்துகள் வெதுவெதுப்பான குழம்பில் முளைத்துப் பெருகும்.

அடுத்த முறை திரிக்கும்போது

பழம் சிவந்ததும் பறித்த 100 கிலோ, காய்ந்தால் 25 முதல் 35 கிலோ வத்தலாகும். மண் தரையில் உலர்த்தாமல் சிமெண்ட் களத்திலோ தார்ப்பாயிலோ உலர்த்துங்கள். இரவில் பனி படாமல் கூட்டி மூடுங்கள். எடை கூட்டவோ உடையாமல் இருக்கவோ வத்தலில் தண்ணீர் தெளிப்பதை அறவே விட வேண்டும். ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்று ஓட வேண்டும், வளைத்தால் ஒடிய வேண்டும்.

சந்தேகம் இருந்தால் உப்புச் சோதனை செய்து பார்க்கலாம். சாதாரணத் தூள் உப்பை வாணலியில் வறுத்து ஈரம் போக்கி ஆற வையுங்கள். நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு வத்தலைப் போட்டு, இரண்டு கரண்டி உப்பைச் சேர்த்து, மூடி ஒரு நிமிடம் குலுக்குங்கள். அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். உப்பு பாட்டிலின் பக்கத்தில் ஒட்டினாலோ கட்டியானாலோ ஈரம் அதிகம், இன்னும் காய வைக்க வேண்டும். உப்பு உதிரியாக அடியில் கிடந்தால் திரிக்கலாம். காற்றின் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் உப்பு தண்ணீரை இழுக்கும். பூஞ்சை வளரத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்த அளவில்தான். அதனால் இந்தச் சோதனை வீட்டில் செய்யக்கூடியவற்றில் நம்பத் தகுந்தது. ஆனால் இது இப்போதுள்ள ஈரத்தை மட்டுமே காட்டும். முன்பு பூஞ்சை பிடித்துப் பிறகு காய்ந்த வத்தலைக் காட்டிக்கொடுக்காது. அதற்குக் கீறிப் பார்ப்பதுதான் வழி.

மில்லிலிருந்து வந்த பொடியைச் சுத்தமான துணியில் பரப்பி, கைச்சூடு முழுவதும் போன பிறகு டப்பாவில் அடையுங்கள். அன்றாடம் எடுக்க ஒரு சிறிய டப்பா, மீதிக்குப் பெரிய டப்பா என்று இரண்டாகப் பிரித்துவிட்டால் பெரியதை வாரம் ஒருமுறை திறந்தால் போதும். ஒவ்வொரு டப்பாவிலும் திரித்த மாதத்தையும் வருடத்தையும் எழுதி ஒட்டுங்கள். வருடத்துக்கானதை ஒரே முறையில் திரிக்காமல் முழு வத்தலாகவும் முழு மல்லியாகவும் வைத்துக்கொண்டு நான்கு மாதத்துக்கு ஒருமுறை திரித்தால் மணமும் நிற்கும், மழைக்காலத்தில் வீட்டில் இருக்கும் பொடியும் குறைவாக இருக்கும்.

வீட்டுப் பயன்பாட்டுக்கு ஆய்வகச் சோதனை தேவையில்லை. சந்தேகமான அரைக் கிலோ பொடியின் விலையைவிடச் சோதனைக் கட்டணம் அதிகம், அதனால் கொட்டிவிடுவதே லாபம். மகளிர் குழுவாகவோ தனியாகவோ பொடி திரித்து விற்பவர்கள் மட்டும், ஒவ்வொரு வருட வத்தல் கொள்முதலிலும் ஒரு மாதிரியை அங்கீகாரம் பெற்ற உணவு ஆய்வகத்தில் அஃப்ளடாக்சினுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். மாதிரியை ஒரே மூட்டையிலிருந்து எடுக்காமல் எல்லா மூட்டையிலும் மேல், நடு, அடி என்று கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்து கொடுங்கள். விஷம் எல்லா வத்தலிலும் சமமாக இருப்பதில்லை. பத்தாயிரம் வத்தலில் பத்து வத்தலில் மட்டும் குவிந்து கிடக்கலாம்.

ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒரு வெயில் நாளில் பின்வரிசை டப்பாக்களை எடுத்து, மேலே சொன்னபடி நசுக்கி, முகர்ந்து, தாளில் பரப்பிப் பாருங்கள். மணம் மட்டும் போனதை முன்வரிசைக்குக் கொண்டுவந்து மழைக்கு முன்பே தீர்த்துவிடுங்கள். ஈரம் பட்டதைப் புதைத்துவிடுங்கள்.